30 விநாடிக்கு எழுதும் வர்ணனை

கபடியில் ஒருவர் பாடிப் போய்த் திரும்பி வர 30 விநாடிதான். அந்த நேரத்தில் நிதானமாகப் பேசினால் 50, 60 சொல் அடங்கும். ஆனால் ஆட்டத்தைத் தீர்மானிக்கிற தொடலோ பிடியோ ஒன்றிரண்டு விநாடியில் முடிந்துபோகும். அதற்குள் வாயிலிருந்து வருவது நாலைந்து சொல்தான். மற்ற சொற்கள் எல்லாம் அந்த நாலைந்துக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். இதை நோட்டில் எழுதவைத்தே பழக்குகிற வர்ணனையாளர் ஒருவர் தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் ஆடி வளர்ந்த மாவட்டம். கோயில் கொடை என்றால் கபடிப் போட்டியும் சேர்ந்தே வரும்.

ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பகலில் உரக்கடை, சாயங்காலம் மைக். அவரிடம் பழகுகிறவன் ஒரு கல்லூரி மாணவன். கைபேசியில் எடுத்த பழைய போட்டிக் காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்கிறான். இடப்பக்கம் எத்தனையாவது விநாடியில் என்ன நடந்தது. வலப்பக்கம் அதற்கு என்ன சொல்வது. இடப்பக்கம் நிறையாமல் வலப்பக்கத்தில் பேனா வைக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் கட்டளை. பையன்கள் முதலில் அடுக்குமொழியை எழுதிவிட்டு ஆட்டத்தை அதற்குள் திணிக்கிறார்களாம்.

நான் போயிருந்தபோது எடுத்துக்கொண்ட காட்சி இது. சிவப்பு அணி 21, நீலம் 18. களத்தில் நீலத்துக்கு மூன்று பேர்தான் மிச்சம். சிவப்பின் 7ஆம் எண்காரர் பாடி வருகிறார். 22ஆம் விநாடியில் நீலத்தின் 4ஆம் எண்காரர் அவர் கணுக்காலைப் பிடித்துவிடுகிறார். மாணவன் எழுதியிருந்தது: “நீல அணியின் இடது கார்னரில் நின்றுகொண்டிருந்த நான்காம் எண் ஆட்டக்காரர், பாடி வந்த ஏழாம் எண் வீரரின் கணுக்காலை மிக அற்புதமாகப் பிடித்துவிட்டார்.”

அண்ணாச்சி காட்சியை ஓடவிட்டு அவனையே வாசிக்கச் சொன்னார். அவன் ‘பிடித்துவிட்டார்’ என்று வந்து சேருமுன் நடுவர் கையைக் காட்டியாகிவிட்டது. “நீ சொல்லி முடிக்கதுக்குள்ள அவன் எந்திரிச்சு வீட்டுக்கே போயிருவாம்லே” என்றார்.

தாளில் எழுதும்போது வினையைக் கடைசியில் வைப்பது நமக்கு இயல்பு. யார், எங்கே, எதை என்று அடுக்கி, என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில்தான் சொல்கிறோம். மைக்கில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. திருத்தியது இப்படி வந்தது: “கணுக்கால்! பிடி விழுந்திருக்கு! நாலாம் நம்பர்... கோயில் பக்கம்... அமுக்கிட்டாங்க!” முதல் சொல்லிலேயே செய்தி வந்துவிடுகிறது. ஆள் பெயரும் இடமும் பின்னால் வந்தால் போதும்.

இதில் இரண்டு மாற்றங்களைக் கவனித்தேன். ‘இடது கார்னர்’ என்பது ‘கோயில் பக்கம்’ ஆகியிருந்தது. தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு ஒரே கோணம். கிராமத்து மைதானத்திலோ கூட்டம் நான்கு பக்கமும் நிற்கும்; ஒருவரின் இடது எதிரே நிற்பவருக்கு வலது. கோயில் பக்கம், தண்ணித் தொட்டிப் பக்கம் என்றால் பின்வரிசையில் எட்டிப் பார்க்க முடியாதவருக்கும் ஆட்டம் எங்கே நடக்கிறது என்று விளங்கிவிடும். இன்னொன்று, ‘பிடிச்சிட்டாங்க’ என்று எடுத்த எடுப்பில் சொல்லாதது. கால் சிக்கிய பிறகும், பாட்டு விடாமல் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்தவர்கள்தான் வெளியே போக வேண்டும். பிடி விழுந்தது வேறு, ஆள் அவுட் ஆனது வேறு. முன்னதை வர்ணனையாளர் கண்ணால் பார்த்துச் சொல்லலாம்; பின்னதைச் சொல்ல நடுவரின் கை வேண்டும். மைக்கில் ஒரு முடிவும் நடுவர் ஒரு முடிவும் சொன்னால் கூட்டம் எந்தப் பக்கம் பாயும் என்பதை அந்த வட்டாரத்தில் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வரியிலும் பிழை இருந்தது. தடுக்கும் அணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள். ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு. 18 என்பது 20 ஆகும். அதுவரை சரி. “இரண்டு வீரர்கள் உள்ளே வருகிறார்கள்” என்று அவன் சேர்த்திருந்தான். கூடுதல் புள்ளிக்கு ஆள் திரும்புவதில்லை. அவுட் ஆனது ஒருவர்தான் என்பதால் நீலத்துக்கு ஒருவரே உள்ளே வருவார், மூன்று நான்காகும். இதைத் தப்பாகச் சொன்னால் அடுத்த ரெய்டிலும் ஆள் கணக்கு பிசகும். இன்னொரு சூப்பர் டேக்கிள் உண்டா இல்லையா என்பதும் பிசகும்.

வேகம் எங்கே ஏற வேண்டும் என்பதற்கும் நோட்டில் அடையாளம் உண்டு. முதல் 10 விநாடி சமநிலம்: யார் வருகிறார், எதிரே எத்தனை பேர், என்ன புள்ளி. அடுத்த 10 விநாடியில் வாக்கியம் குறுகி, கால் எங்கே போகிறது என்பது மட்டும் மிஞ்சும். பிறகுதான் வெடிப்பு. அந்த இடத்தில் அண்ணாச்சி மைக்கை வாயிலிருந்து சற்று விலக்குகிறார். குழாய் ஸ்பீக்கரில் கத்தினால் சொல் உடைந்து இரைச்சல்தான் கேட்கும். ‘கணுக்கால்’ கூட ‘ஆஆல்’ ஆகிவிடும். ஆகவே உச்சத்தில் அவர் குரலை உயர்த்துவதைவிட விரைவுபடுத்துகிறார். தொலைக்காட்சி வர்ணனையில் கேட்கும் நீண்ட அலறல்களை விட எனக்கு இதுதான் பிடித்தது.

நிதானப் பேச்சை எழுதுவதுதான் கடினம் என்று மாணவன் சொன்னான். ஒரு ரெய்டு முடிந்தால் மறு அணி 5 விநாடிக்குள் ஆளை அனுப்பியாக வேண்டும். அந்த இடைவெளியில் ஆரம்பிக்கும் எந்தப் பேச்சும் எந்த நேரமும் அறுபடலாம். அதனால் நிரப்பு வரிகளை எங்கே நிறுத்தினாலும் முழுசாக நிற்கும்படி துண்டு துண்டாக எழுதச் சொல்கிறார்: “21க்கு 20. சிவப்பு முன்னிலை. ஒரு புள்ளிதான். நீலத்தில் நாலு பேர். மணி இன்னும் நாலு நிமிஷம்.” எதில் வெட்டினாலும் கேட்டவருக்கு நட்டமில்லை. வீரரின் சொந்த ஊர், போன வருஷக் கதை எல்லாம் டைம் அவுட்டுக்கும் இடைவேளைக்கும். வண்டி வழியை மறிக்கிறது, சின்னப் பிள்ளை ஒன்று மேடைக்கு வந்திருக்கிறது போன்ற அறிவிப்புகளும் அங்கேதான். நன்கொடையாளர் சீட்டு மட்டும் எந்த விதிக்கும் அடங்காது. அது நினைத்த நேரம் வந்து மைக் முன்னால் நிற்கும்.

ராத்திரி லீக் ஆட்டங்களில் ஒன்றை மாணவனிடம் கொடுத்தார். காலும் தொடையும் சிக்கிய ஒருவர் மூன்று பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தார். “பிடி விழுந்திருக்கு... இழுக்கான்... கோடு... கைய நீட்டுதான்...” அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. நடுவர் மூன்று விரலைக் காட்டிய பிறகுதான் “மூணு!” என்றான். புள்ளியைச் சொன்னான், ஆள் கணக்கைச் சொன்னான். அதற்குள் ஒரு சீட்டு கைக்கு வந்தது. “ஐயாயிரம் ரூபாய் நன்கொடை வழங்கிய...” என்று தொடங்கியபோது அடுத்தவர் பாட ஆரம்பித்துவிட்டார். வழங்கியவரின் பெயர் வரவில்லை. இரண்டு ரெய்டு கழித்து வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒரு பெரியவர் மேடையோரம் வந்து நின்றார். அண்ணாச்சி எழுந்து தன் நாற்காலியை அவருக்குப் போட்டார்.