கறுப்பு மருதோன்றி

நரையை மறைக்க விரும்புவோரில் பலர் சாயம் என்றால் அஞ்சுவர். மருதோன்றி என்றால் அஞ்சார். அந்த நம்பிக்கையை அறிந்தே “இயற்கையான கறுப்பு மருதோன்றி” என்று அச்சிட்ட பொதிகள் கடைகளில் விற்கப்படுகின்றன.

மருதோன்றியை அரைத்துக் கையில் இட்டவர் யாவரும் அதன் நிறத்தை அறிவர். செம்மஞ்சளாகத் தொடங்கிச் செங்கபிலமாக முதிருமேயன்றி, அது நரைமயிரைக் கறுப்பாக்காது. ஆகவே, ஒரு மணி நேரத்துக்குள் கருமை தரும் “மருதோன்றி”யில் வேறொன்று கலந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது பரா பீனைலின் டையமீன் என்னும் இரசாயனம், சுருக்கமாகப் பி.பி.டி. என்பர். சாதாரண சாயங்கள் பலவற்றிலும் அது உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில், தலையில் பூசும் கலவையில் அது நூற்றுக்கு 2 பங்கை மீறலாகாது என்பது சட்டம்.

சென்ற ஆண்டு என் மாமி, மகனின் திருமணத்தை முன்னிட்டு அத்தகைய பொதியொன்றை வாங்கினார். முன்பக்கத்தில் இலையின் படம். பின்பக்கத்தில் சேர்மானங்களின் வரிசையில், மூலிகைப் பெயர்களுக்கிடையே பி.பி.டி.யின் முழுப் பெயர் சிறிய எழுத்தில் இருந்தது.

“பூசுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள், மாமி” என்றேன். பொதியிற் கூறியவாறு சிறிதளவு குழைத்து, முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவு தடவினோம். மாலைவரை ஒன்றுமில்லை.

“பார்த்தாயா, வீண் பயம்” என்று சிரித்தார்.

ஆனால், இவ்வகை ஒவ்வாமை உடனே வெளிப்படுவதன்று. உடல் அப்பொருளை இனங்கண்டு எதிர்க்க ஒரு நாளோ இரு நாட்களோ செல்லும். அதனாலேயே 48 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். இரண்டாம் நாட் காலையில் அவ்விடம் சிவந்து தடித்து, கடுமையாக அரித்தது. அது தலை முழுவதும் நேர்ந்திருந்தால் முகமும் கண்ணிமைகளும் வீங்கியிருக்கக்கூடும்.

பின்னர் மாமி அவுரியை நாடினார். முதலில் தனி மருதோன்றியைப் பூசிக் கழுவி, அதன்மேல் அவுரித்தூளை நீரிற் குழைத்துப் பூசினால் கருமை கிட்டும். இரு வேளை வேலை. நிறம் முதிர ஒரு நாளுக்கு மேலாகும். இலைத்தூள்கள் இரண்டும் பச்சை நிறமானவை. கபிலமாகவோ கறுப்பாகவோ உள்ள தூளை ஐயுறுதல் வேண்டும். இலையும் சிலருக்கு ஒவ்வாது. ஆதலால் அவற்றையும் சோதித்தே பூசினோம்.

இன்னுமொன்று: சோதனையில் ஒரு முறை தேறியது என்றைக்கும் போதுமானதன்று. பல ஆண்டுகள் சாயமிட்டவருக்கும் ஒவ்வாமை திடீரெனத் தோன்றலாம். தோன்றிவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் சோதிப்பதே முறை.