ஸ்டெல்லா அம்மாவின் கடைசிப் பெயர்

பிப்ரவரி 3

காலை பத்து மணிக்கு ஸ்டெல்லா அம்மாவின் மகன் போன் செய்தார். "சார், அம்மா பாஸ்போர்ட்டுல சர்நேம் சவரிமுத்துன்னு இருக்கு. டிக்கெட்டுல STELLA/MARYன்னு போட்டிருக்கீங்க. சவரிமுத்து எங்க போச்சு?"

எனக்குக் கை நடுங்கியது. ரோமுக்குத் திருப்பயணம் போகிற 62 பேருக்கும் டிக்கெட் போட்டது நான். பங்குப் பொறுப்பாளர் அனுப்பிய பட்டியலில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தது. விமான நிறுவனத்தின் கோப்போ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டது. Data மெனுவில் Text to Columns எடுத்து, இடைவெளி வருகிற இடத்தில் பிரிக்கச் சொன்னேன். முதல் இரண்டு நெடுவரிசையை நகலெடுத்து ஏற்றினேன். MARY ஒன்றில், STELLA அடுத்ததில், SAVARIMUTHU மூன்றாவது நெடுவரிசையில் போய் விழுந்திருக்கிறது. அந்த மூன்றாவது நெடுவரிசையை நான் பார்க்கவே இல்லை.

எழுபத்திரண்டு வயது அம்மா. வாழ்நாளில் முதல் விமானப் பயணம்.

பிப்ரவரி 4

தூக்கம் இல்லை. ஆறு மணிக்கே கடையைத் திறந்து, ஒரு பெயரில் எத்தனை இடைவெளி என்று எண்ண வைத்தேன்.

```
=LEN(TRIM(A2))-LEN(SUBSTITUTE(TRIM(A2)," ",""))
```

பெயரின் நீளத்திலிருந்து, இடைவெளி நீக்கிய பெயரின் நீளத்தைக் கழிக்கிறது. மிச்சம் வருவது இடைவெளிகளின் எண்ணிக்கை. இடைவெளியே இல்லாத ஒற்றைப் பெயர் 4. ஓர் இடைவெளி உள்ளவை 41. இரண்டும் அதற்கு மேலும் உள்ளவை 17. அந்தப் பதினேழும் தப்பு.

ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒற்றைப் பெயர்க்காரர்கள் நால்வரையும் கோப்பு அன்றைக்கே ஏற்க மறுத்தது, கடைசிப் பெயர் காலி என்று. அதனால் அந்த நாலு பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பார்த்து, விமான நிறுவனத்திடம் கேட்டுச் சரியாகப் போட்டேன். மறுக்கப்பட்டது சரியாகிவிட்டது. சத்தமில்லாமல் உள்ளே போனதுதான் தப்பாகிவிட்டது.

பிப்ரவரி 5

முதலாளி திட்டவில்லை. "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 6

கடைசிச் சொல்லை மட்டும் பிடிக்கிற சூத்திரம் கிடைத்தது.

```
=TRIM(RIGHT(SUBSTITUTE(TRIM(A2)," ",REPT(" ",100)),100))
```

ஒவ்வோர் இடைவெளியையும் நூறு இடைவெளியாக அகட்டி விடுகிறது. பிறகு வலது கோடியிலிருந்து நூறு எழுத்தை வெட்டினால் அதில் கடைசிச் சொல் மட்டும்தான் அகப்படும், முன்னால் உள்ள வெற்றிடத்தை TRIM நீக்கிவிடும். உள்ளே இருக்கிற TRIM முக்கியம். பெயருக்குப் பின்னால் யாராவது ஓர் இடைவெளி தட்டி வைத்திருந்தால் அந்த TRIM இல்லாமல் கட்டம் வெறுமையாக வரும். இதை C2-வில் வைத்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் முதல் பெயராக எடுத்தேன்.

```
=TRIM(LEFT(TRIM(A2),LEN(TRIM(A2))-LEN(C2)))
```

MARY STELLA ஒரு பக்கம், SAVARIMUTHU ஒரு பக்கம். நடுப்பெயர் முதல் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான். திரையைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். மூன்று நாளில் முதல் தடவையாக டீ ருசித்தது.

பிப்ரவரி 7

இரண்டு பெயரில் மட்டும் கடைசிச் சொல் தனியாகப் பிரியவில்லை. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய பெயர்கள். அங்கே இருப்பது சாதாரண இடைவெளி இல்லை, CHAR(160). TRIM அதைத் தொடாது. SUBSTITUTE வைத்து மாற்றினேன்.

பிப்ரவரி 9

பொறுப்பாளர் பாஸ்போர்ட் நகல்களின் கட்டைக் கொடுத்தனுப்பினார். பதினேழையும் ஒப்பிட்டேன். சூத்திரம் சரியாகச் சொன்னது 12. தப்பு 5. ANTONYSAMY FRANCIS XAVIER என்ற பெயரில் அந்தோணிசாமி அப்பா. பாஸ்போர்ட்டில் சர்நேம் அவர் பெயர்தான், பட்டியலில் முன்னால் எழுதியிருக்கிறார்கள். PETER DE SOUZA-வுக்கு சர்நேம் DE SOUZA என்று இரண்டு சொல். சூத்திரம் SOUZA-வை மட்டும் வெட்டி எடுத்துவிட்டது.

அன்றைய டீயை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 10

குழுவில் போகிற ஒரு பெரியவர் தன் டிக்கெட்டைச் சரிபார்க்க நேரில் வந்தார். கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மேசையில் பரப்பி வைத்திருந்த நகல்களைப் பார்த்து, என்ன தம்பி என்றார். சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கேப்ரியல் கார்சியா மார்க்கேஸ் புத்தகம் நூலகத்துல எந்த எழுத்துல இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்."

"மா."

"கா. கார்சியா மார்க்கேஸ் ரெண்டும் சேர்ந்துதான் குடும்பப் பேரு. முன்னால அப்பா வழி, பின்னால அம்மா வழி. ஸ்பானிஷ்காரங்க வழக்கம் அது. சரி, எங்க ரங்கநாதனுக்கு வாங்க. சீர்காழிக்காரர். சீயாளி ராமாமிர்த ரங்கநாதன். உங்க சூத்திரம் என்ன சொல்லும்?"

"கடைசிப் பெயர் ரங்கநாதன்."

"அது அவருக்கு வெச்ச பேரு. சீயாளிங்கிறது ஊரு, ராமாமிர்தம் அப்பா. முதல் பெயர் கட்டத்துல ஊரை உட்கார வெச்சிருப்பீங்க." 1934-இல் நூற்பட்டியலுக்கு விதிநூல் எழுதிய மனிதருக்கே இந்தக் கதி என்றார். சர் சி. வி. ராமனுக்கு வேங்கடராமன் என்றுதான் பெயர். நடுவில் ஓர் இடைவெளி விழுந்ததும் ராமன் குடும்பப் பெயர் மாதிரி ஆகிவிட்டது என்றும் சொன்னார்.

"அப்ப எப்படி சார் பிரிக்கிறது?"

"நாங்க அட்டை எழுதும்போது அந்த ஆளோட மொழி, ஊர் வழக்கம் பார்ப்போம். தெரியலேன்னா கேட்போம்."

அவர் போன பிறகும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் அப்பா பெயரை நான் எழுதுவது ஒற்றை எழுத்தில். யாரும் அதை விரித்து எழுதச் சொல்லிக் கேட்டதில்லை.

பிப்ரவரி 11

ஸ்டெல்லா அம்மாவின் பாஸ்போர்ட் நகலில், படத்துக்குக் கீழே உள்ள வரியை இன்றுதான் கூர்ந்து படித்தேன்.

```
P<INDSAVARIMUTHU<<MARY<STELLA<<<<<<<<<<<<<<<
```

சர்நேமுக்கும் மற்ற பெயருக்கும் நடுவில் குறி இரண்டு. மேரிக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடுவில் ஒன்று. எங்கே குடும்பப் பெயர் முடிகிறது என்பது அங்கே எழுதியே இருக்கிறது. எனக்கு வந்த பட்டியலில் எல்லா இடைவெளியும் ஒன்றே போல இருந்தது. எந்தச் சூத்திரம் போட்டாலும் அதில் இல்லாததை எடுக்க முடியாது.

பிறகு 41 இரட்டைப் பெயர்களையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டேன். அவை சரி என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். மூன்று தப்பு. ARUL MARY என்பவருக்கு இரண்டு சொல்லும் சேர்ந்துதான் பெயர். சர்நேம் கணவருடையது, பட்டியலில் அது இல்லவே இல்லை.

பிப்ரவரி 12

20 பெயருக்கும் திருத்தம் கேட்டு அனுப்பினேன், பாஸ்போர்ட் நகலோடு. கட்டணம் என் சம்பளத்தில் பிடிக்கட்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 14

புதிய படிவம் அடித்து வைத்தேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி சர்நேம் ஒரு கட்டம், மற்ற பெயர் ஒரு கட்டம், சர்நேம் இல்லையென்றால் "இல்லை" என்று எழுத ஓர் இடம். முழுப் பெயருக்குக் கட்டமே வைக்கவில்லை.

மாலை ஸ்டெல்லா அம்மா போனில் பேசினார். கோபம் இல்லை. "தம்பி, சவரிமுத்து எங்க அப்பா பேரு. கல்யாணத்துக்கு அப்புறமும் அதை மாத்தல. டிக்கெட்டுல வந்துரும்ல?" என்றார். வந்துவிடும் அம்மா என்றேன்.

பிப்ரவரி 17

19 திருத்தங்கள் வந்துவிட்டன. ஸ்டெல்லா அம்மாவுடையது இன்னும் வரவில்லை. விமானம் 28-ஆம் தேதி.