மிஞ்சிய சமோசாவின் கணக்கு



ராத்தாவின் காப்பை அடகு வைத்துத்தான் தம்பிக்குச் சமோசா வண்டி போட்டோம். வண்டிக்கு 1,50,000 ரூபா, பிரதேச சபை அனுமதிக்கு 5,000, முதல் கிழமைக்கு மா, எண்ணெய், கோழி, கேஸ் என்று 30,000. எல்லாம் கொப்பியில் எழுதினோம். மிஞ்சுவதை மட்டும் எழுதவில்லை. கணக்குப் படிப்பிக்கிற வீடு!

ஒரு சமோசா செய்ய 45 ரூபா, விற்பது 60. நூறு போட்டால் 1,500 இலாபம் என்று நினைத்தோம். முதல் நாள் 20 மிஞ்சியது. கையில் நின்றது வெறும் 300. இன்னும் ஐந்து மிஞ்சியிருந்தால் அதுவும் இல்லை.

இப்போது அஸருக்குப் பிறகு 40 மட்டும் பொரிக்கிறோம். மற்றதை மடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மஃரிபுக்குப் பிறகு கூட்டத்தைப் பார்த்து எடுக்கிறோம். பொரிக்காதது மறுநாளைக்கும் ஆகும். நேற்று 90 பொரித்து 4 மிஞ்சியது, இலாபம் 1,110. இப்படியே போனாலும் போட்ட காசு திரும்ப ஆறு மாதம் ஆகும். அடகு வட்டி வேறு.