தலைக்கு எவ்வளவு, தட்டில் மிஞ்சுவது எவ்வளவு?



எங்கள் மதரஸாவின் ஆண்டு விழாவையொட்டி, மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஓர் உணவகத்தில் விருந்தளிக்க நிர்வாகம் முடிவு செய்து, கணக்குப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் தந்தது. செலவாகப் போவது ஜமாஅத்தாரின் நன்கொடை, அது அமானிதம். அழைப்பு 100 பேருக்கு. முந்தைய ஆண்டுகளின் வருகையைப் பார்த்தால் 80 பேர் வருவார்கள். எனவே ஒவ்வொரு முறையிலும் மொத்தத் தொகையை 80ஆல் வகுத்துப் பார்த்தேன்.

பஃபேக்குத் தலைக்கு 380 ரூபாய் என்றார்கள். ஆனால் குறைந்தது 100 பேருக்குப் பணம் கட்ட வேண்டும். 38,000 ரூபாயை 80 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 475 ரூபாய் ஆகிறது. வராத 20 பேருக்கும் சேர்த்தே உணவு சமைக்கப்படும். மிஞ்சியதை எடுத்துச் செல்லவும் அனுமதி இல்லை. மேலும், வரிசையில் நிற்பவர் மறுபடி வரச் சிரமப்பட்டு, முதல் தடவையே எல்லாவற்றையும் தட்டில் குவித்துக்கொள்கிறார்.

மெனு அட்டையைப் பார்த்து ஆர்டர் செய்தால், நால்வருக்கு மூன்று பிரியாணியும் ஒரு தொடுகறியும் 1,080 ரூபாய், அதாவது தலைக்கு 270. மிஞ்சினால் பார்சல் கட்டிக்கொள்ளலாம் என்பதால் விரயம் மிகக் குறைவு. ஆனால் தண்ணீர் பாட்டில், பழச்சாறு, ஐஸ்கிரீம் என மேசைக்கு 280 ரூபாய் கூடினாலே தலைக்கு 340 ஆகிவிடும். அதற்கு மேலும் போகலாம், தொகைக்கு வரம்பில்லை. 20 மேசைகளின் ஆர்டரும் ஒரே நேரத்தில் சமையலறைக்குப் போனால், மஃக்ரிபுக்குப் பின் அமர்ந்தவர்கள் இஷாவுக்குள் எழுவது கடினம்.

பிரியாணி, தால்சா, தயிர் வெங்காயம், ஓர் இனிப்பு கொண்ட அளவுச் சாப்பாடு 260 ரூபாய். 85 தட்டுகளுக்கு உறுதி கொடுத்தால் போதும். கூடுதலாக வேண்டுமானால் அதே விலை. மொத்தம் 22,100 ரூபாய்; தலைக்கு ஏறக்குறைய 276.

இதிலும் ஒரு குறை உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு வைப்பதால், விரயம் பிள்ளைகளின் தட்டில்தான் நிகழும். ஆகவே, சிறு பிள்ளைகளுக்கு முதலில் பாதி வைத்து, கேட்டால் மீதியைப் பரிமாறுவது என்றும், கை படாத உணவைப் பார்சலாகத் தருவது என்றும் முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கினோம். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழியின் பொருளைப் பிள்ளைகளுக்கு முந்தைய நாள் பாடத்தில் சொல்லிவைத்தேன்.

அன்று 79 பேர் வந்தார்கள். மிஞ்சிய ஆறு சாப்பாடுகளும், பிள்ளைகள் கேட்காத மீதியும் பார்சலாகி, அன்றிரவே அருகிலுள்ள வீடுகளுக்குச் சென்றன.

உங்கள் வீட்டு வலீமாவுக்கோ அகீகாவுக்கோ விலை விசாரிக்கும்போது தலைக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். குறைந்தபட்சம் எத்தனை பேருக்குக் கட்ட வேண்டும், மிஞ்சியது யாருக்குச் சொந்தம் என்ற இரண்டையும் கேளுங்கள். வீண் விரயத்திலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக, ஆமீன்.