சுழியம் அல்லாத சிறிய எண்

காஸ் நீக்கல் முறையைப் பயிற்சி வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் யாரேனும் ஒரு மாணவர் கேட்பார்: “பிவட் சுழியமானால் நிரைகளை இடம் மாற்றுவது புரிகிறது. சுழியமே இல்லாதபோது எதற்காக மாற்ற வேண்டும்?” துல்லியமான எண்களைக் கொண்டு தாளில் கணக்கிடுபவருக்கு அது நியாயமான ஐயமே. கணினியோ ஒவ்வொரு எண்ணையும் குறிப்பிட்ட இலக்கங்களுக்குள் சுருக்கியே வைத்துக்கொள்கிறது. அதனால் விளைவதைக் காட்ட நான் கரும்பலகையில் எழுதுவது இரண்டே சமன்பாடுகள்:

0.0001x + y = 1
x + y = 2

இவற்றின் கோடுகள் தெளிவான கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. கணக்கில் இயல்பான சிக்கல் எதுவும் இல்லை. தீர்வு ஏறத்தாழ x = 1.0001, y = 0.9999.

இனி ஒவ்வொரு படியிலும் மூன்று பொருளுறு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்வோம். 0.0001-ஐயே பிவட்டாகக் கொண்டால் பெருக்கி 10000. முதல் நிரையை அதனால் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழிக்க, −9999y = −9998 என்று வரும். மூன்று இலக்கங்களில் இரண்டுமே −10000 ஆகிவிடுவதால் y = 1. அதை முதல் சமன்பாட்டில் இட, 0.0001x = 0; ஆகவே x = 0.

பிழை வகுத்தலில் நேர்ந்ததன்று, கழித்தலிலேயே நேர்ந்துவிட்டது. பத்தாயிரத்தின் அருகே இரண்டாம் சமன்பாட்டின் 1, 2 என்னும் எண்கள் தடயமின்றி மறைந்தன. வலப்பக்கத்தில் 2-க்குப் பதில் 4 இருந்திருந்தால் உண்மையான x ஏறத்தாழ 3. ஆனால் இந்த வழியில் அப்போதும் 0-தான் கிடைக்கும். அந்தச் சமன்பாடு சொன்னதை நாம் கேட்கவே இல்லை என்பதுதான் இதன் பொருள்.

நிரைகளை மாற்றி, அந்நிரலின் பெரிய கெழுவான 1-ஐப் பிவட்டாக்கினால் பெருக்கி 0.0001 மட்டுமே. 0.9999y = 0.9998 என்பது சுருங்கி y = 1 ஆகும்; x + y = 2 சிதையாமல் இருப்பதால் x = 1. இங்கும் சுருக்கல் நிகழ்கிறது. ஆனால் இழப்பது பத்தாயிரத்தில் ஓரிரு பங்கே. பகுதி பிவட்டிங் செய்வது இதைத்தான்: எந்தப் பெருக்கியின் அளவும் 1-ஐத் தாண்டாமல் காக்கிறது.

அதற்கும் எல்லை உண்டு. முதல் சமன்பாட்டை 100000-ஆல் பெருக்கி 10x + 100000y = 100000 என எழுதினால், 10 பெரிதென்று விதி அதையே தேர்ந்தெடுக்கும்; பெருக்கி 0.1 ஆகச் சிறுத்தும் பழைய பிழையே திரும்பும். ஆகவே ஒரு கெழுவை அதன் நிரையின் மிகப்பெரிய கெழுவோடு ஒப்பிட்ட பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த அளவில் 10 என்பது 0.0001, மற்றதோ 1.

தவறான விடை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. x = 0, y = 1 முதல் சமன்பாட்டை அப்படியே நிறைவு செய்கிறது; இரண்டாவதில்தான் 2-க்குப் பதில் 1 வருகிறது. அதனால் என் ஆய்வுக் கணக்குகளில் தீர்வைத் தொடக்கச் சமன்பாடுகள் அனைத்திலும் இட்டு, எஞ்சும் வேறுபாட்டைப் பார்த்த பிறகே அடுத்த வரிக்குச் செல்கிறேன்.