கடைசிப் பந்திக்கும் சோறு இருக்க வேண்டும்: 600 பேர் அன்னதானத்துக்கு ஒரு கணக்கு

சித்திரைத் திருவிழாவுக்கு அன்னதானம் போட இருக்கும் பக்கத்து ஊர்த் தம்பிகள் இருவர், "சார், 600 பேருக்கு என்ன வாங்கணும், எவ்வளவு வாங்கணும்?" என்று கேட்டு வந்தார்கள். சொன்னதை மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் அன்னம் என்றாலே கங்கைகொண்ட சோழபுரம்தான் நினைவுக்கு வரும். ஐப்பசி பௌர்ணமியில் அந்தப் பெரிய லிங்கத்துக்கு 100 மூட்டை அரிசி வடித்துச் சாத்துகிறார்கள். மூட்டை 25 கிலோ என்றால் 2,500 கிலோ. அங்கே அன்னம் முதலில் சாமிக்கு, பிறகு வந்தவர்களுக்குப் பிரசாதமாகப் போகிறது. ஒரு கை கிடைத்தாலும் மனம் நிறைந்துவிடும். ஊர்க்கோயில் பந்தி அப்படி இல்லை. இலை போட்டு உட்கார வைத்துவிட்டால் வயிறு நிறைய வேண்டும்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பல வருடங்களுக்கு முன் நான் கணக்கு எழுதினேன். வீட்டுக்கு வீடு அரிசி வாங்கினோம். 80 கிலோ சேர்ந்தது. 600 பேருக்குத் தாராளம் என்று நினைத்தேன். மூன்றாவது பந்தி பாதியில் சோறு தீர்ந்துவிட்டது. அப்போது வெளியே நின்றவர்கள் யார் என்றால், வெங்காயக் காட்டில் வேலை முடித்து, கைகால் கழுவிக்கொண்டு வந்த பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும். என்னிடம் படித்த ஒரு பையன், "சாப்பாடு இல்லையா சார்?" என்று கேட்டான். கடைசியில் வருகிறவர்கள்தான் பெரும்பாலும் பசியோடு வருகிறவர்கள். அன்றிலிருந்து நான் கணக்கைக் கடைசிப் பந்தியிலிருந்துதான் போடுகிறேன்.

80 கிலோ ஏன் போதவில்லை? புழுங்கல், பச்சை, தை அறுவடைப் புது அரிசி, போன வருடத்துப் பழைய அரிசி எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்துவிட்டன. புது அரிசி குழைந்தது, பழையது நறுக்கென்று நின்றது. சாப்பிட முடியாமல் இலையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அண்டா காலி, எச்சில் இலையெல்லாம் சோறு. அதனால் இப்போது வீட்டு அரிசி வாங்குவதில்லை. "ஒரு மூட்டை உங்கள் பெயரில்" என்று பணமாக வாங்கி, ஒரே ரகம், ஒரே ஆலை, குறைந்தது ஆறு மாதப் பழைய புழுங்கல் அரிசியாக எடுக்கிறோம். வாங்குமுன் ஒரு டம்ளர் அரிசி வாங்கி வந்து வீட்டில் வடித்துப் பார்ப்பேன். வடித்த சோறு மூன்று டம்ளருக்குக் குறையக் கூடாது. குறைந்தாலோ, விரலில் ஒட்டினாலோ அது புது அரிசி. அந்த மூட்டை வேண்டாம்.

அடுத்து ஆள் கணக்கு. பத்திரிகை எத்தனை அடித்தோம் என்பது கணக்கே இல்லை. போன வருடம் எத்தனை இலை செலவானது என்பதுதான் கணக்கு. இலைக்கட்டில் மிச்சம் இருந்ததைக் கழித்து நோட்டில் எழுதி வையுங்கள். மறு வருடம் அதுவே வழிகாட்டும்.

தலைக்கு எவ்வளவு? பள்ளி மதிய உணவுக்குத் தேசிய அளவு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம். பந்தியில் பிள்ளைகள், பெரியவர்கள், உழைப்பாளிகள் எல்லோரும் கலந்து வருகிறார்கள். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு வாங்குவார்கள். எங்கள் ஊருக்கு 125 கிராம் சரியாக வருகிறது. 600 பேருக்கு 75 கிலோ, அதாவது மூன்று மூட்டை. நான்காவது மூட்டையைப் பிரிக்காமல் வைப்போம். பிரிக்காத மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரரிடம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

மூன்று மூட்டையையும் ஒரேயடியாக வடிக்கக் கூடாது. பந்திக்கு 150 பேர் என்றால் நாலு பந்தி. முதலில் அண்டாவுக்கு ஒரு மூட்டையாக இரண்டு அண்டா வடிப்போம். முதல் பந்தி எழும்போது முதல் அண்டாவைப் பாருங்கள். 150 பேருக்கு 18¾ கிலோ அரிசிச் சோறு போயிருக்கும், கால் அண்டா மிச்சம் இருக்க வேண்டும். அடி தெரிந்தால் நம் 125 கிராம் கணக்கு தப்பு. உடனே நான்காவது மூட்டையைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். பெரிய அண்டாவில் உலை கொதித்துச் சோறு வடிய முக்கால் மணி நேரமாவது ஆகும், ஒரு பந்தி அரை மணியில் எழுந்துவிடும். அதனால் மூன்றாவது மூட்டைக்கு உலைநீர் முதல் பந்தி உட்காரும்போதே அடுப்பில் இருக்க வேண்டும். பசி தெரிந்த பிறகு உலை வைத்தால் நேரம் போதாது.

எங்கள் சமையல் மாஸ்டர் சொல்வார்: "சார், கொழம்பு கொறைஞ்சா ரசத்த வச்சு ஓட்டிடலாம். சோறு கொறைஞ்சா ஓட்ட ஒண்ணும் இல்ல." அவர் பேச்சைக் கேட்டு 10 கிலோ ரவையும் பிரிக்காமல் வைத்திருப்போம். இரண்டையும் மீறிக் கூட்டம் வந்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் உப்புமா.

சாம்பாருக்குத் துவரம்பருப்பு 100 பேருக்கு 2½ கிலோ, ஆக 15 கிலோ. காய் 36 கிலோ. பரங்கி, கத்தரி கலந்தால் விலையும் அடங்கும். பொரியலுக்கு முட்டைக்கோஸ் என்றால் மேல் இலையும் தண்டும் கழியும், அதனால் 40 கிலோ. சின்ன வெங்காயம் செட்டிகுளம் பக்கமே கிடைக்கும், 7 கிலோ போதும். ஆனால் வாங்குவதைவிட உரிப்பது பெரிய வேலை. முதல் நாள் மாலையே நாலைந்து பேரை உட்கார வையுங்கள். ஈர வெங்காயம் எடை காட்டும், உரித்தால் அழுகல் நிறைய கழியும். காய்ந்த சருகு சலசலக்கும் வெங்காயமாகப் பார்த்து எடுங்கள்.

கெடாத அரிசி, பருப்பு, எண்ணெய், புளியைக் கூடுதலாக வாங்கலாம், மிஞ்சினால் திரும்பும். காயும் தயிரும் அளவோடு வாங்க வேண்டும். இலை, கேஸ் சிலிண்டர், குடிதண்ணீர் மூன்றும் குறையவே கூடாது. இவற்றைத் தருகிறேன் என்று யாரும் தானாக முன்வர மாட்டார்கள். அரிசி தருகிறவர்கள் நிறைய பேர் இருப்பதால், நாலு மூட்டை சேர்ந்ததும், "உங்கள் பேரில் இலை, உங்கள் பேரில் சிலிண்டர்" என்று மாற்றிக் கேளுங்கள். மகிழ்ச்சியாகவே தருவார்கள்.

மிஞ்சிய சோற்றைப் பற்றி ஒன்று. சித்திரை வெயிலில் மதியச் சோற்றை மூடி வைத்து ராத்திரிக்குக் கொடுக்காதீர்கள். தேங்காய் அரைத்த குழம்பு அதற்கு முன்பே நொதித்துவிடும். மூன்று மணிக்குள் சூடாக இருக்கும்போதே தெருவுக்கு அனுப்பிவிடுங்கள். மூன்றாவது மூட்டையைத் தாமதித்து வடித்தால் மிச்சமும் குறைவாகத்தான் இருக்கும்.

போன திருவிழாவில் 580 இலை செலவானது. நான்காவது மூட்டையும் ரவையும் கடைக்குத் திரும்பிப் போயின. காட்டு வேலைக்குப் போனவர்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்கள்.

உங்கள் ஊரில் தலைக்கு எத்தனை கிராம் வருகிறது என்று எழுதுங்கள். அந்தத் தம்பிகளுக்கும் உதவும்.