தக்காளி விலையும் இரண்டு கோடுகளும்

போன வாரம் ராமநாயக்கன் ஏரிக்கரையில் காலை நடையின்போது, எங்கள் தெருவில் குடியிருக்கும் பையன் ஒருவன் கூடவே வந்தான். சிப்காட்டில் வேலை. செல்போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். பங்கு விலை ஒரு கோடு, அதன்மேல் நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று.

"சார், நீலம் சிவப்பை மேலே வெட்டினா வாங்கணும், கீழே வெட்டினா விக்கணும். அவ்ளோதான். நீங்க மார்க்கெட் பார்த்தவராச்சே, சரிதானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே இரண்டு கோடுகளை நம்பி, ஓய்வு பெற்ற அடுத்த வருடம், மாடியில் ஓர் அறை கட்ட வைத்திருந்த பி.எஃப். பணத்தில் கை வைத்தவன் நான். அவனுக்கு நடந்துகொண்டே பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோடுகள் என்னவென்று பார்த்துவிடுவோம். கடைசி இருபது நாள் விலையைக் கூட்டி இருபதால் வகுத்தால் ஒரு சராசரி. நாளைக்குப் புது விலை ஒன்று சேரும், பழைய விலை ஒன்று கழியும். இப்படித் தினமும் நகர்வதால் அதற்கு நகரும் சராசரி என்று பெயர். இருபது நாள் கோடு சுறுசுறுப்பானது, ஐம்பது நாள் கோடு மந்தமானது. விலை ஏறத் தொடங்கினால் சுறுசுறுப்பானது முதலில் நிமிர்ந்து மந்தமானதைத் தாண்டும். அந்த வெட்டும் இடத்தைத்தான் 'கிராஸ் ஓவர்' என்கிறார்கள். ஐம்பது நாள் கோடு இருநூறு நாள் கோட்டை மேலே தாண்டினால் 'கோல்டன் கிராஸ்' என்று டிவிக்காரர்கள் கொண்டாடுவார்கள்.

பங்குச் சந்தை பிடிக்காதவர்களுக்காக, ராயக்கோட்டை மண்டித் தக்காளியை வைத்துச் சொல்கிறேன். கணக்குக்காக நானாக வைத்த விலைதான். நாள்களையும் குறைத்து, மூன்று நாள் சராசரி, ஆறு நாள் சராசரி என்று வைத்துக்கொள்வோம்.

கிலோ 10 ரூபாயிலேயே ஒரு வாரம் நிற்கிறது. பிறகு தினமும் 2 ரூபாய் ஏறி 24-க்குப் போகிறது. விலை 12 ஆன அன்றே மூன்று நாள் சராசரி 10.67, ஆறு நாள் சராசரி 10.33. வெட்டியாயிற்று, 12-க்கு வாங்குகிறோம். உச்சம் 24. அங்கிருந்து தினமும் 2 ரூபாய் இறங்குகிறது. 22-இல் ஒன்றும் ஆகவில்லை, 20-லும் ஆகவில்லை. 18-க்கு வந்த அன்று மூன்று நாள் சராசரி 20, ஆறு நாள் சராசரி 21. கீழே வெட்டிவிட்டது, விற்கிறோம். அடிவிலையிலும் வாங்கவில்லை, உச்சியிலும் விற்கவில்லை. ஆனாலும் கிலோவுக்கு 6 ரூபாய் கையில் நின்றது. இதுதான் இந்த முறையின் நல்ல முகம். நிஃப்டி 2008 ஜனவரியில் 6,300-ஐத் தாண்டி, அக்டோபரில் 2,600-க்கும் கீழே போனதே, அந்த மாதிரிச் சரிவில் இந்தக் கோடுகள் ஆரம்பத்திலேயே வெளியே வரச் சொல்லியிருக்கும். நடுவே ஒன்றிரண்டு முறை தவறாக உள்ளே கூப்பிட்டாலும் மொத்தத்தில் காப்பாற்றியிருக்கும்.

இப்போது இன்னொரு தக்காளி. விலை 10, 12, 14, 16 என்று ஏறுகிறது. உடனே 14, 12, 10 என்று இறங்குகிறது. மறுபடி 12, 14, 16. எங்கும் போகவில்லை, அங்கேயே ஊஞ்சல் ஆடுகிறது. இதில் எந்த ஆறு நாளைக் கூட்டினாலும் 78, ஆறு நாள் சராசரி எப்போதும் 13. மூன்று நாள் சராசரி எப்போது 13-ஐத் தாண்டுகிறது? விலை 14-இல் இருக்கும்போது அது 12 தான். விலை 16-ஐத் தொட்ட அன்றுதான் 14 ஆகி மேலே வெட்டும். அன்று வாங்குகிறோம், 16-க்கு. இறங்கும்போதும் இதே கதை. விலை 12-க்கு வந்த அன்றும் சராசரி 14-இல் நிற்கிறது. 10-க்கு வந்த அன்றுதான் 12 ஆகிக் கீழே வெட்டும். அன்று விற்கிறோம், 10-க்கு.

உச்சியில் வாங்கி அடியில் விற்கிறோம், ஒவ்வொரு சுற்றிலும் கிலோவுக்கு 6 ரூபாய் நஷ்டம். தக்காளி விலையோ ஒரு பைசா மாறாமல் அதே 10-க்கும் 16-க்கும் நடுவில் இருக்கிறது! எல்லா ஊஞ்சலும் இவ்வளவு கச்சிதமாக மாட்டாது. ஆனால் காரணம் ஒன்றுதான். சராசரி என்பது நடந்து முடிந்ததன் கணக்கு, அது எப்போதும் சில நாள் பின்தங்கியே வரும். ஏற்றம் பல மாதம் ஓடினால் அந்தச் சில நாள் பெரிதில்லை. ஏற்றமே சில நாள்தான் என்றால், சேதி நம் கைக்கு வருவதற்குள் விலை திரும்பிவிடும். சந்தைக்காரர்கள் இதை 'விப்சா' என்பார்கள். இரண்டு பேர் இரு பக்கம் நின்று மரம் அறுக்கும் நீள ரம்பத்தின் பெயர் அது. போனாலும் அறுக்கும், வந்தாலும் அறுக்கும்.

என் கதைக்கு வருகிறேன். 2011 முதல் 2013 வரை ஒரே பங்கில் விளையாடினேன். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி, பெயர் வேண்டாம். இருபது நாள், ஐம்பது நாள் கோடுகள். ஒவ்வொரு முறையும் 400 பங்கு. பழைய டைரியில் இருப்பதை அப்படியே தருகிறேன். 252-க்கு வாங்கி 238-க்கு விற்றேன். 249-க்கு வாங்கி 240. 256-க்கு வாங்கி 241. 247-க்கு வாங்கி 251, இது ஒன்றுதான் லாபம். 254-க்கு வாங்கி 243. 250-க்கு வாங்கி 242.

ஆறு சுற்றில் பங்குக்கு 53 ரூபாய் போயிற்று, 400 பங்குக்கு 21,200 ரூபாய். அந்நாளில் என் புரோக்கர் வாங்க அரை சதவீதம், விற்க அரை சதவீதம் எடுத்தார். வரியும் சேர்த்து அது ஏறக்குறைய 8,000. ஆக 29,000 ரூபாய் கரைந்தது. முதல் நாளே வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால்? ஆறாவது முறை விற்ற அன்று விலை 242. பங்குக்குப் பத்து ரூபாய்தான் குறைந்திருக்கும்.

அந்தக் காலமே அப்படி. நிஃப்டி 2010 நவம்பரில் 6,300, 2011 டிசம்பரில் 4,600 பக்கம், 2013 மே மாதம் 6,000-க்கு மேல், ஆகஸ்டில் மறுபடி 5,300. மூன்று வருடம் ஏறி இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வரவில்லை.

வீட்டுக்காரி அதிகம் பேசமாட்டாள். டைரியைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "ஏங்க, ஃபேக்டரியில மிஷினைச் சும்மா சும்மா திருகாதேன்னு பசங்களைத் திட்டுவீங்களே, இது அதுதானே?"

சுருக்கென்று இருந்தது. நான் முப்பது வருடம் சிப்காட்டில் தரப் பரிசோதகன். லேத்தில் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஓடும். எந்த மிஷினிலும் ஒரு பீஸுக்கும் அடுத்த பீஸுக்கும் சில மைக்ரான் வித்தியாசம் இருக்கும், அது அதன் சுபாவம். புதிதாக வந்த பையன்கள் ஒரு பீஸ் 5 மைக்ரான் கூடினால் டூலை 5 மைக்ரான் உள்ளே தள்ளுவார்கள், அடுத்தது குறைந்தால் வெளியே இழுப்பார்கள். முடிவில் பீஸ்கள் முன்பைவிட அதிகமாகச் சிதறும். தர நிபுணர் டெமிங் புனலையும் கோலிக்குண்டையும் வைத்து இதையே காட்டுவார். ஒவ்வொரு தவறுக்கும் புனலை நகர்த்தினால், சும்மா விட்டதைப்போல் சுமார் 1.4 மடங்கு சிதறல் வரும்.

அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வரும் மூத்த டர்னர் ஒருவர் இருந்தார். கன்னடம் கலந்த தமிழில், "ஒந்து பீஸைப் பார்த்து டூலைத் தொடாதீங்க தம்பி, அஞ்சு பீஸ் பாருங்க, அளவு ஒரே பக்கமா நடக்குதான்னு பாருங்க" என்பார். டூல் முனை தேய்ந்தால் ஷாஃப்டின் விட்டம் பீஸுக்குப் பீஸ் கூடிக்கொண்டே போகும். அப்போது திருத்துவது சரி. தேய்மானமே இல்லாமல் வெறும் சிதறலைத் திருத்துவதுதான் தப்பு. நான் சந்தையில் செய்தது அந்தத் தப்பு.

இதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2013 ஆகஸ்டில் ஆறாவது சுற்றின் நஷ்டத்தோடு கணக்கை மூடினேன். செப்டம்பர் கடைசியில் அதே பங்கு ஏழாவது முறை மேலே வெட்டியது, விலை 261. நான் வாங்கவில்லை. அதன்பின் ஏற்றம் நிற்கவே இல்லை. 2014 மே மாதத் தேர்தல் முடிவு வந்தபோது நிஃப்டி 7,000-ஐத் தாண்டியிருந்தது. என் பங்கு கீழே வெட்டியபோது விலை 390. பங்குக்கு 129, மொத்தம் 51,600 ரூபாய். பழைய நஷ்டம் அத்தனையும் அடைந்து 22,000 மிஞ்சியிருக்கும். ஆறு சுற்றில் ஐந்து முறை அடி வாங்கத் தெரிந்த எனக்கு ஏழாவது முறை உள்ளே போகத் தெம்பில்லை. இந்த முறையின் சுபாவமே அப்படித்தான். பல சின்ன நஷ்டங்கள், ஒன்றிரண்டு பெரிய லாபங்கள். அந்த ஒன்றைத் தவறவிட்டவனுக்கு நஷ்டம் மட்டுமே மிச்சம்.

ஊஞ்சலை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா என்று பையன் கேட்டான். ஓரளவு முடியும். மந்தமான கோடு படுத்துக் கிடக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். படுத்திருந்து, விலை அதை மாறி மாறிக் குறுக்கே கடந்துகொண்டிருந்தால் அது ஊஞ்சல். இன்னொரு வழி, வெட்டியவுடன் பாயாமல் இரண்டு கோடுகளுக்கும் நடுவே மூன்று சதவீத இடைவெளி விழும்வரை காத்திருப்பது. பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்படிக் காத்திருந்தால் என் ஆறு சுற்றில் நான்கு நடந்தே இருக்காது. ஆனால் ஏழாவதில் 261-க்குப் பதில் 274-க்குத்தான் ஏறியிருப்பேன். காத்திருப்புக்கும் கூலி உண்டு. ஊஞ்சல் என்றைக்கு நிற்கும் என்பதை மட்டும் எந்தக் கோடும் முன்னால் சொல்லாது.

பையன் சற்று நேரம் பேசாமல் நடந்தான். "அப்போ வாங்கலாமா வேண்டாமா சார்?"

"உன் படத்தைக் கொஞ்சம் பின்னால தள்ளு, ரெண்டு வருஷம் காட்டு" என்றேன். தள்ளினான். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து நீலமும் சிவப்பும் எத்தனை முறை வெட்டின என்று இருவரும் எண்ணினோம். பதினொன்று. சிவப்புக் கோடு படுத்த படுக்கையாகக் கிடந்தது.

"பதினோரு தடவை அடி வாங்கிட்டு, பன்னிரண்டாவதுக்கும் கையில காசும் மனசுல தெம்பும் இருக்குமான்னு வீட்டுல கேட்டுட்டு வா" என்றேன். இன்னும் வரவில்லை.

மாடி அறை 2016-இல் கட்டினோம், கொஞ்சம் சின்னதாக.